சந்தோஷமான வாடிக்கையாளரிடம் இணையத்தளத்துக்கு நாலு வரி கருத்துக் கேட்டு வாங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை முடிந்து காசு வாங்கிய கையோடு கேட்டுவிடலாமா? அப்போதுதானே ஆள் சந்தோஷமாக இருப்பார்?

சந்தோஷமாகத்தான் இருப்பார், ஆனால் சொல்ல அவரிடம் ஒன்றும் இருக்காது. வேலை செய்து முடிந்ததும் வேலை பலன் தந்ததும் பல தொழில்களில் ஒரே நாளில் நடப்பதில்லை. பிறந்தநாளுக்குச் சாப்பாடு செய்து கொடுப்பவர் அடுத்த நாள் காலையிலேயே கேட்கலாம், ஏனென்றால் வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டார்கள், என்ன சொன்னார்கள் என்பதும் வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிட்டது. சாறி பிளவுஸ் தைப்பவர் அதைக் கொடுத்த அன்று கேட்டால் "வடிவா இருக்கு" என்பதோடு முடியும். கல்யாண வீட்டுக்கு அதைக் கட்டிக்கொண்டு போய், ஒரு நாள் முழுக்க இருந்து, கை தூக்கும்போது இழுக்கவில்லை என்று கண்ட பிறகு கேட்டால் வேறு பதில் வரும். டியூஷன் என்றால் பெறுபேறு வரவேண்டும்.

இந்தப் பக்கம் முழுக்க ஒரே உதாரணத்தை வைத்துக்கொண்டு போகிறேன், அப்போதுதான் விஷயம் பிடிபடும். வெள்ளவத்தையில் ஏசி திருத்தும் ஒரு சின்ன நிறுவனம் என்று வைத்துக்கொள்ளுங்கள், உரிமையாளரும் இரண்டு பெடியன்களும். காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில்தான் அதிக வேலை, ஏனென்றால் உப்புக் காற்று வெளியே மாட்டியிருக்கும் யூனிட்டைத் தின்றுவிடும். வாடிக்கையாளர் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். உரிமையாளர் அவரை "அன்ரி" என்கிறார், அவர் இவரைத் "தம்பி" என்கிறார். அவருடைய ஏசி திரும்பத் திரும்பக் குளிர் விட்டுப் போகிறது, ஒவ்வொரு முறையும் யாரோ வந்து காஸ் அடிக்கிறார்கள், இரண்டு மாதத்தில் பழைய கதை. இந்த நிறுவனம் ஒழுக்கைக் கண்டுபிடித்துச் சரி செய்தது.

இந்த அன்ரியிடம் எப்போது கேட்பது? பிரச்சினை முன்பு இரண்டு மாதத்தில் திரும்பி வந்தது என்றால், அந்த இரண்டு மாதம் தாண்டட்டும். பழைய பிரச்சினை திரும்ப எடுத்த கால அளவு எதுவோ அதுதான் கணக்கு. அதற்கு முதல் அவர் சொல்வது நம்பிக்கை, அதற்குப் பிறகு சொல்வதுதான் அனுபவம். இடையில் அவராகவே பக்கத்து வீட்டுக்கு உங்கள் நம்பரைக் கொடுத்தாலோ, இன்னொரு அறை ஏசியையும் பார்க்கக் கூப்பிட்டாலோ, யோசிக்கவே வேண்டாம், அதுதான் நேரம்.

கேட்க ஒரு மாதிரிக் கூச்சமாக இருக்கிறது. "என்னைப் புகழுங்கோ" என்று கேட்பது போல.

புகழச் சொல்லிக் கேட்டால் கூச்சமாகத்தான் இருக்கும். அவர் ஏற்கெனவே சொன்னதைப் போடலாமா என்று கேளுங்கள். நல்ல வாடிக்கையாளர் எப்படியும் எங்கேயோ ஒன்று சொல்லியிருப்பார்: வட்ஸ்அப்பில் ஒரு வரி, கோலில் ஒரு வார்த்தை, வாசலில் நின்று காசு தரும்போது ஒன்று. அதைப் பிடித்துக்கொண்டு, "அன்ரி, அன்றைக்கு நீங்கள் காஸ் விஷயம் சொன்னீர்களே, அதை எங்கள் இணையத்தளத்தில் போட்டால் இதே பிரச்சினையில் இருப்பவர்களுக்கு உதவும், போடலாமா? கொஞ்சம் விவரமாகக் கேட்க வேண்டும், ஐந்து நிமிடம் போதும்" என்று தொடங்கினால் அவருக்கும் கனமாக இருக்காது.

மறுக்கவும் வழி விட்டுக் கேளுங்கள். எங்கள் ஆட்களுக்கு முகத்துக்கு நேரே "வேண்டாம்" என்று சொல்ல வராது, "பாப்பம் தம்பி" என்பார்கள். அது பல இடங்களில் மறுப்புத்தான். அதனால் முக்கியமான கேள்வியை நேரில் நின்று கேட்காமல் வட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினால், அவர் வீட்டில் கலந்து பேசிவிட்டுப் பதில் சொல்லலாம். பிள்ளைகள் கனடாவிலோ லண்டனிலோ இருந்தால் அவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்பார்.

"ஒரு கருத்து எழுதித் தாங்கோ" என்றால் எல்லோரும் "சுப்பர் சேர்விஸ், நன்றி" என்றுதான் எழுதுகிறார்கள். எதற்கும் உதவாது. என்ன கேட்பது?

பிழை அவர்களிடம் இல்லை. "கருத்து எழுதுங்கள்" என்றதும் ஒருவர் தலைக்குள் பாடசாலைக் கட்டுரை எழும்பிவிடும், பொதுவாகவும் மரியாதையாகவும் ஏதாவது எழுதிவிட்டுத் தப்பிக்கப் பார்ப்பார். எழுதச் சொல்லாதீர்கள், கதை கேளுங்கள். எனக்குத் தெரிந்து நாலு கேள்விக்கு மேல் தேவைப்படாது, அதிலும் இரண்டாவதுதான் உயிர்.

முதல் கேள்வி, எங்களைக் கூப்பிட முன்பு என்ன நடந்துகொண்டிருந்தது என்பது. இதற்கு வரும் பதிலில்தான் அடுத்த வாடிக்கையாளர் தன்னைக் கண்டுகொள்வார். மாதாமாதம் காஸ் அடித்துக் களைத்துப்போன ஒருவர் உங்கள் பக்கத்துக்கு வரும்போது, "நட்பான சேவை" என்ற வரி அவரைத் தொடாது, "மூன்று தரம் காஸ் அடித்தோம்" என்ற வரி தொடும்.

இரண்டாவது, கூப்பிட முதலோ வேலை நடக்கும்போதோ எங்களைப் பற்றி என்ன சந்தேகம் இருந்தது என்று கேட்பது. பலர் இதைக் கேட்கவே மாட்டார்கள், வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டுவதாக நினைப்பார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள், புதிதாக வருபவரைத் தடுப்பதும் அதே சந்தேகம்தான்: காசு பிடுங்குவார்களோ, சொன்ன நாளில் வருவார்களோ, நல்ல பாகத்தைக் கழற்றிவிட்டுப் பழையதைப் போடுவார்களோ. அதை நீங்கள் உங்கள் வாயால் மறுத்தால் எவரும் நம்பப்போவதில்லை. எனக்கும் அந்தப் பயம் இருந்தது என்று இன்னொரு வாடிக்கையாளர் சொன்னால் நம்புவார்கள்.

மூன்றாவது, எந்த இடத்தில் அந்தச் சந்தேகம் தீர்ந்தது. இங்கே ஒரு காட்சி வரவேண்டும், ஒரு செயல் வரவேண்டும். "நேர்மையானவர்கள்" என்று அவர் சொன்னால், "ஏன் அப்படிச் சொல்கிறீர்கள் அன்ரி, என்ன செய்தார்கள்?" என்று இன்னொரு தரம் கேளுங்கள். அந்த இரண்டாவது "ஏன்" என்பதற்குத்தான் சரக்கு வெளியே வரும்.

நாலாவது, இப்போது எப்படி இருக்கிறது. எத்தனை மாதம், என்ன மாற்றம். மின்சார பில் குறைந்ததா என்று நீங்களாகக் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் மரியாதைக்கு "ஓம், குறைஞ்சுதான் இருக்கு" என்று சொல்லிவிடுவார், பிறகு அதை நீங்கள் போட்டால் எவராவது பில்லைக் காட்டு என்று கேட்கும்போது இருவருக்கும் சங்கடம். பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்கும் எந்தக் கேள்வியும் இப்படித்தான் போய் முடியும்.

நாலையும் ஒரேயடியாக அனுப்பாதீர்கள், படிவம் நிரப்புகிற மாதிரி ஆகிவிடும். ஒன்றை அனுப்பி, பதில் வந்ததும் அடுத்தது. வொய்ஸில் சொல்லச் சொல்லுங்கள். தமிழில் டைப் பண்ணக் கஷ்டப்படுபவர்கள்கூட வொய்ஸ் என்றால் மழை மாதிரிக் கொட்டுவார்கள்.

வொய்ஸ் வந்துவிட்டது. மூன்று நிமிடம் நீளம், நடுவில் பேரப்பிள்ளையின் சத்தம் வேறு. இதை எப்படி நாலு வரியாக்குவது?

அன்ரி அனுப்பியதில் தேவையான பகுதி இப்படி இருக்கிறது என்று வைப்போம்:

"தம்பி, போன வருஷம் மட்டும் மூண்டு தரம் காஸ் அடிச்சது. ஒவ்வொரு தரமும் ஆள் வந்து அடிச்சுப்போட்டுப் போகும், ரெண்டு மாசத்தில திரும்பச் சூட்டுக் காத்து. உங்கட பெடியன் வந்து, காஸ் இப்ப அடிக்கேலாது, முதல்ல எங்க லீக் எண்டு பாக்கவேணும் எண்டான். எனக்கு உள்ளுக்குக் கோவம்தான், காசு புடுங்கப் போறாங்கள் எண்டு நினைச்சன். பேந்து வெளி யூனிட்டில பைப் மூட்டில சவுக்கார நுரை பொங்குறதைக் கூப்பிட்டுக் காட்டினான். அதைச் சரி பண்ணிப்போட்டுத்தான் காஸ் போட்டவை. இப்ப நாலு மாசம், ஒரு கரைச்சலும் இல்லை. ஒண்டு சொல்லவேணும், வாறம் எண்ட நேரத்துக்கு வரேல்லை, ரெண்டு மணித்தியாலம் பிந்தித்தான் வந்தவை. ஆனா பிந்தும் எண்டு கோல் எடுத்துச் சொன்னவை."

இதைச் சுருக்கும்போது ஒரே ஒரு விதி: வெட்டலாம், சேர்க்கக் கூடாது. பேச்சு வழக்கை எழுத்துக்குக் கொண்டுவரலாம், திரும்பத் திரும்ப வருவதை எடுக்கலாம், வரிசையைக் கொஞ்சம் மாற்றலாம். அவர் சொல்லாத ஒரு பெயரடையைக்கூடப் போடக் கூடாது. "மிகவும்", "மிகச்சிறந்த", "தொழில்முறை" எல்லாம் நுழையும் இடம் இதுதான், அவை நுழைந்ததும் குரல் செத்துவிடும். இப்படி வரலாம்:

"போன வருஷம் மட்டும் மூன்று தரம் காஸ் அடித்தோம், இரண்டு மாதத்தில் திரும்பச் சூட்டுக் காற்று. இவர்கள் வந்து, முதலில் லீக் எங்கே என்று பார்க்க வேண்டும் என்றார்கள். காசு பிடுங்கப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். பிறகு வெளி யூனிட்டில் பைப் மூட்டில் நுரை பொங்குவதைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். பிந்தித்தான் வந்தார்கள், ஆனால் பிந்தும் என்று கோல் எடுத்துச் சொன்னார்கள். இப்போது நாலு மாதம், ஒரு கரைச்சலும் இல்லை."

"கரைச்சல்" என்பதை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். அதைப் "பிரச்சினை" என்று மாற்றலாம், ஆனால் கொழும்பில் வாசிக்கும் எவருக்கும் ஒரு அன்ரி பேசுவது கேட்கும் இடம் அதுதான்.

பிந்தி வந்ததை வைப்பதா எடுப்பதா என்பதில் ஆளுக்கு ஆள் வேறுபடுவார்கள். நான் வைப்பேன், ஏனென்றால் ஒரு சின்னக் குறை இருக்கும்போது மற்றதெல்லாம் உண்மை என்று வாசிப்பவர் எடுத்துக்கொள்கிறார். எடுத்தாலும் பொய் இல்லை, நாலு வரியில் எல்லாவற்றையும் சொல்ல முடியாது. ஆனால் எடுத்துவிட்டு, அதே பக்கத்தில் மேலே "சொன்ன நேரத்துக்கு வருவோம்" என்று பெரிய எழுத்தில் போட்டு, அதற்குக் கீழே இவர் கருத்தை வைத்தால், அவர் மறுத்த ஒன்றுக்கு அவரையே சாட்சியாக நிறுத்துகிறீர்கள். அது வேறு விஷயம்.

இன்னொன்று. இவர் ஏசிக்கு மூட்டில்தான் ஒழுக்கு, சுலபமாகத் தீர்ந்தது. உப்பு அரித்து வெளி யூனிட்டின் கொயிலிலேயே ஓட்டை விழுந்திருந்தால் அதை மாற்றத்தான் வேண்டிவரும், செலவு வேறு. இந்தக் கருத்தை வாசித்துவிட்டு வருபவர் எல்லோருக்கும் இப்படியே முடியாது என்பதால், கீழே உங்கள் குரலில் ஒரு வரி போடுங்கள்: "ஒழுக்கு எங்கே என்று பார்த்த பிறகுதான் செலவு சொல்வோம்." வாடிக்கையாளரின் வாயில் அதைப் போடாதீர்கள்.

அதற்குப் பதிலாக நானே அழகாக எழுதி அனுப்பி, "ஓகே" வாங்கினால் நேரம் மிச்சம்தானே?

மிச்சம்தான். அவரும் வாசிக்காமலேயே "ஓகே தம்பி" என்று போடுவார். ஆனால் பத்துப் பேரின் கருத்தை ஒரே ஆள் எழுதினால் பத்தும் ஒரே ஆளின் குரலில்தான் இருக்கும். வாசிப்பவருக்கு ஏன் என்று சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ இடிக்கிறது என்று தெரியும்.

அவர் சொன்னதைச் சுருக்கி ஓகே வாங்குவது ஒன்று, அவர் சொல்லாததை எழுதி ஓகே வாங்குவது இன்னொன்று. எவரும் சொல்லாததை ஒரு பெயர் போட்டு எழுதுவது மூன்றாவது, அதைப் பற்றிப் பேச்சே இல்லை. இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 30 ஆம் பிரிவு, வியாபாரத்தில் பாவனையாளரைத் தவறாக வழிநடத்தும், ஏமாற்றும் நடத்தை எதையும் தடுக்கிறது. பொய்க் கருத்து அதற்குள் வராது என்று வாதாடுவது கஷ்டம். அமெரிக்காவில் பொய்யான விமர்சனங்களுக்கும் வாடிக்கையாளர் கருத்துகளுக்கும் எதிராகவே தனி விதி ஒன்று 2024 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்தது, இங்கிலாந்திலும் 2025 ஏப்ரல் முதல் பொய் விமர்சனங்களுக்குத் தடை இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஆட்களுக்குக் கொழும்பிலிருந்து பொருள் அனுப்பி விற்பவர்கள் இதைக் கவனத்தில் வைத்திருக்க வேண்டும்.

சொந்தக்காரர், கடையில் வேலை செய்பவர், பங்காளி, இவர்கள் சொல்வது உண்மையாகவே இருந்தாலும் உறவைச் சொல்லாமல் போடக் கூடாது. என்னைக் கேட்டால் போடவே வேண்டாம்.

அனுமதியை எப்படிக் கேட்பது? கடிதத்தில் கையெழுத்து வாங்க வேண்டுமா?

கடிதம் நீட்டினால் அன்ரி பயந்துவிடுவார். வட்ஸ்அப்பில் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வந்தால் போதும், அந்த உரையாடலைச் சேமித்து வையுங்கள். ஆனால் கேட்பது முழுசாக இருக்க வேண்டும். இப்படி:

"அன்ரி, நீங்கள் வொய்ஸில் சொன்னதைச் சுருக்கிக் கீழே எழுதியிருக்கிறேன். இதை எங்கள் இணையத்தளத்திலும் பேஸ்புக் பக்கத்திலும் போடலாமா? பெயர் போடவில்லை, 'ஓய்வுபெற்ற ஆசிரியை, வெள்ளவத்தை' என்று மட்டும் போடுகிறேன். ஏதாவது மாற்ற வேண்டும் என்றால் சொல்லுங்கள். பிறகு எப்போதாவது எடுக்கச் சொன்னாலும் எடுத்துவிடுவேன்."

எந்தச் சொற்கள், எங்கே போடப்படும், எந்த அடையாளத்தோடு, பிறகு விலகலாமா, நாலும் இதற்குள் இருக்கிறது. இணையத்தளத்துக்கு மட்டும் கேட்டுவிட்டு, பிறகு அதையே துண்டுப்பிரசுரத்தில் அச்சடித்துக் காலி வீதியில் பகிர்ந்தால் அது வேறு பாவனை, திரும்பக் கேட்க வேண்டும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் போக்கும் இதுதான்: எதற்காக என்று சொல்லி வாங்கியதோ அதற்கு மட்டும், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் உரிமை உண்டு.

பெயர் போட்டால்தானே நம்புவார்கள்? ஆனால் பலர் பெயரும் வேண்டாம், படமும் வேண்டாம் என்கிறார்கள்.

முழுப் பெயரும் முகமும் இருந்தால் நம்பிக்கை கூடும், அது உண்மை. ஆனால் தனியாக இருக்கும் வயதான பெண் ஒருவர் தன் பெயரும் ஒழுங்கையும் வெளியே தெரிய விரும்பாததில் நியாயம் இருக்கிறது, அதை வற்புறுத்தி மாற்றப் பார்ப்பது அழகில்லை. பெயர் இல்லாத இடத்தை விவரம் நிரப்பும். "எஸ்., கொழும்பு" என்பது எவராகவும் இருக்கலாம், அதனால் எவரும் இல்லை. "ஓய்வுபெற்ற ஆசிரியை, வெள்ளவத்தை" என்பதில் ஓர் ஆள் நிற்கிறார். கொட்டாஞ்சேனையில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர், தெஹிவளையில் இரண்டு பிள்ளைகளின் தாய், இப்படித் தொழிலும் பகுதியும் போதும். பகுதியோடு நிறுத்துங்கள், ஒழுங்கையின் பெயர் வேண்டாம்.

ஆள் படத்துக்குப் பதில் வேலையின் படம் போடலாம், நுரை பொங்கிய அந்தப் பைப் மூட்டின் படமே இருந்தால் அதைவிட நல்லது இல்லை. இணையத்திலிருந்து யாரோ வெள்ளைக்காரியின் சிரித்த முகத்தை எடுத்து அன்ரியின் கருத்துக்குப் பக்கத்தில் ஒட்டாதீர்கள். நிறையப் பேர் செய்கிறார்கள்.

வட்ஸ்அப் ஸ்க்ரீன்ஷொட்டை அப்படியே போட்டால் இன்னும் நம்பிக்கையாக இருக்காதா?

பார்ப்பதற்கு உண்மையாகத்தான் தெரியும், ஆனால் மேலே பெயர் அல்லது நம்பர், பக்கத்தில் முகப்புப் படம், சில வேளை முந்தைய மெசேஜில் வீட்டு முகவரி, எல்லாம் அதில் சேர்ந்து வந்துவிடும். ஒரு நாள் நேரம் எடுத்து எல்லாவற்றையும் மறைத்தாலும், போனில் திறப்பவருக்கு எழுத்து பொடியாகத் தெரியும், படத்துக்குள் இருக்கும் எழுத்து கூகுள் தேடலில் வரும் என்று நம்பவும் முடியாது. எழுத்தாகவே போடுங்கள். ஸ்க்ரீன்ஷொட் உங்கள் கையில் ஆதாரமாக இருக்கட்டும்.

கருத்துத் தந்தால் அடுத்த சேர்விஸில் 10 வீதம் கழிவு என்று சொல்லலாமா?

முன்கூட்டிச் சொல்லாதீர்கள். கழிவுக்காகச் சொன்னது என்று தெரிந்தால் அந்தக் கருத்தின் மதிப்பு போய்விடும், தெரியாமல் மறைத்தால் வாசிப்பவரை ஏமாற்றுகிறீர்கள். கூகுளில் விமர்சனம் எழுத வைப்பதற்கு என்றால் பேச்சே இல்லை, பணமோ கழிவோ இலவசமோ கொடுத்து விமர்சனம் வாங்குவதைக் கூகுளின் விதிகளே தடுக்கின்றன. திருப்தியானவர்களுக்கு மட்டும் இணைப்பை அனுப்பி மற்றவர்களை ஓரம் கட்டுவதையும் அதே விதிகள் அனுமதிப்பதில்லை.

எல்லாம் முடிந்து, கருத்தும் போட்டு, தீபாவளிக்கு ஒரு பலகாரப் பெட்டியோடு போய் நன்றி சொன்னால் அது மனிதப் பழக்கம், அதில் யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் அப்படித் தருவீர்கள் என்று முதலே ஒரு சாடை காட்டியிருக்கக் கூடாது.

கூகுளில் ஏற்கெனவே ஒருவர் நல்லதாக எழுதியிருக்கிறார். அதை எடுத்துப் போடலாமா? நட்சத்திரங்களும் தேடலில் தெரியுமா?

எழுதியவர் யார் என்று தெரிந்தால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுங்கள், கூகுளில் எழுதியது என்றும் குறிப்பிடுங்கள். பகுதியை மட்டும் எடுத்து அர்த்தத்தைத் திருப்பாதீர்கள். நட்சத்திரம் பற்றி: ஒரு நிறுவனம் தன்னைப் பற்றிய விமர்சனங்களைத் தன் இணையத்தளத்திலேயே போட்டு, அவை நட்சத்திரங்களாகத் தேடல் முடிவில் வரும்படி செய்வதை கூகுள் 2019 செப்டெம்பரில் நிறுத்திவிட்டது. அதைச் செய்து தருகிறேன் என்று எவராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

எங்கள் இணையத்தளம் ஆங்கிலத்தில். வாடிக்கையாளர் பேசியது தமிழில், சிலர் சிங்களத்தில்.

இரண்டையும் போடுங்கள், அவர் பேசிய மொழியில் மேலே, ஆங்கிலம் கீழே, "மொழிபெயர்ப்பு எங்களுடையது" என்ற சின்ன வரியோடு. ஆங்கிலத்தில் மட்டும் போட்டால், தமிழில் பேசும் ஒருவர் அலங்கார ஆங்கிலத்தில் பேசியதாக ஆகிவிடும், அவரைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். ஓகே வாங்கும்போதும் இரண்டு வடிவத்தையும் அனுப்புங்கள். சிங்களத்தில் எழுதுவதை அந்த மொழியைத் தாய்மொழியாகப் பேசும் ஒருவரிடம் காட்டிவிட்டுப் போடுவது நல்லது.

"தாறன் தம்பி" என்றார், இரண்டு கிழமையாகச் சத்தமில்லை.

ஒரு தரம் நினைவுபடுத்துங்கள், அதையும் இலேசாக்கி: "அன்ரி, எழுத நேரமில்லை என்றால் பரவாயில்லை, முதலாவது கேள்விக்கு மட்டும் ஒரு வொய்ஸ் போட்டாலே போதும்." அதற்கும் வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். அடுத்த சேர்விஸுக்குக் கூப்பிடும் ஆளைக் கருத்துக்காகத் துரத்தி இழக்க வேண்டாம்.

எத்தனை போடுவது, எங்கே போடுவது?

"வாடிக்கையாளர் கருத்துகள்" என்று தனிப் பக்கம் ஒன்று செய்து எல்லாவற்றையும் அங்கே குவித்தால் அதைத் தேடிப் போய் வாசிப்பவர்கள் குறைவு. கருத்து எந்தச் சந்தேகத்தைத் தீர்க்கிறதோ அந்தச் சந்தேகம் எழும் இடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். அன்ரியின் கருத்து "காஸ் நிரப்புதல், லீக் பார்த்தல்" என்று விலை போட்டிருக்கும் இடத்துக்குக் கீழே போகவேண்டும், ஏனென்றால் காசு பிடுங்குவார்களோ என்ற கேள்வி அங்கேதான் வருகிறது. கோல் எடுக்கும் பட்டனுக்கு மேலே இன்னொருவருடையது இருக்கலாம். மூன்று நாலு வேறு வேறு பிரச்சினையைச் சொல்லும் கருத்துகள் இருந்தால், ஒரே விஷயத்தைச் சொல்லும் இருபதைவிட அவை மேல்.

மாதமும் ஆண்டும் போடுங்கள். "இப்போது நாலு மாதம்" என்று எழுதி, திகதி இல்லாமல் மூன்று வருடம் கிடந்தால் அந்த வரிக்கு அர்த்தமே இல்லை. பழையதை எடுக்கத் தேவையில்லை, அன்ரியிடமே ஒரு வருடம் கழித்துக் கேட்டு, "இன்னும் காஸ் அடிக்கவில்லை" என்று அவர் சொன்னால், திகதியோடு கீழே சேர்த்துவிடலாம். திரும்பப் பழுதாகிவிட்டது என்று சொன்னால், முதலில் போய் அதைப் பாருங்கள், கருத்தைப் பக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

போட்டு ஆறு மாதம் கழித்து எடுக்கச் சொல்கிறார். காரணமும் சொல்லவில்லை.

காரணம் கேட்காதீர்கள். அன்றைக்கே எடுங்கள். இணையத்தளத்தில் எடுத்ததோடு நிறுத்தாமல் பேஸ்புக் பதிவு, வட்ஸ்அப் பிஸ்னஸ் கட்டலொக், விலைப்பட்டியல் பீடிஎஃப், எங்கெல்லாம் அந்த வரி போனதோ அங்கெல்லாம் பாருங்கள். அதற்காகத்தான் ஒவ்வொரு கருத்துக்கும் எங்கே போட்டோம், எப்போது அனுமதி வந்தது என்று ஒரு சின்னக் கொப்பியிலோ எக்செல்லிலோ எழுதி வைக்கச் சொல்வது. கூகுள் தேடல் முடிவில் பழைய வரி சில நாட்கள் தெரியலாம், அதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் எடுக்கவில்லை என்று நினைப்பார். பிறகு ஒரு மெசேஜ்: "எடுத்துவிட்டேன் அன்ரி. ஏசிக்கு ஏதும் என்றால் வழமை போல ஒரு கோல் எடுங்கோ."